'எழுத்துலக இளவரசியே!' வேண்டாமே... எழுதுற ஃப்ரெண்டுக்கு பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது எப்படி?

போன வருஷம் என் தோழியின் பிறந்தநாளுக்கு, ராத்திரி சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் வாழ்த்து இது:

"எழுத்துலக இளவரசியே! உன் பேனா சிந்துவது மையல்ல, அமுதம்! சொற்கள் உன் விரல் நுனியில் நடனமாட, தமிழன்னை உன்னைக் கண்டு பெருமிதம் கொள்கிறாள். நூறாண்டு வாழ்ந்து, ஆயிரம் படைப்புகள் தந்து, விண்மீனாய் ஒளிர வாழ்த்துகிறேன்!"

கூடவே கேக், பேனா, பூங்கொத்து என எமோஜிகள் வேறு. அரை மணி நேரம் யோசிச்சு எழுதினது. அனுப்பிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. பதிலுக்கு அவள் அனுப்பியது, கைகூப்புற எமோஜி ஒண்ணே ஒண்ணு.

அவள் மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். வேலை முடிஞ்சு, வீட்டு வேலையும் முடிஞ்சு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் எழுத உட்காருவாள். ஆறு வருஷத்தில் ஏழு சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. ஒரு கதைக்கும் காசு வந்ததில்லை. அதை அவள் எதிர்பார்த்ததும் இல்லை.

அந்தப் பிறந்தநாள் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, டீக்கடையில் நின்னுக்கிட்டு இருக்கும்போது கேட்டாள். "என்னோட ரேஷன் கார்டு கதை படிச்சியா?"

"படிச்சேனே... சூப்பரா இருந்துச்சு டி."

"எந்த இடம்?"

எனக்குப் பதில் இல்லை. லிங்க் அனுப்பியிருந்தாள். திறந்து, பாதி வரைக்கும் விரலால் தள்ளிட்டு, ஹார்ட் போட்டிருந்தேன். அவ்வளவுதான்.

அவள் கோபப்படவில்லை. சிரிச்சுக்கிட்டே சொன்னாள். "பிறந்தநாளைக்கு நாற்பது பேர் வாழ்த்து அனுப்பினாங்க. எல்லாருமே என்னை எழுத்தாளர்னு சொன்னாங்க. என் கதையைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வரி சொல்லலை. அப்போ யாருக்கு டி எழுதுறேன்?"

அதுக்கப்புறம் எட்டு மாசம் அவள் எதுவும் எழுதவில்லை. அதுக்கு என் வாழ்த்துதான் காரணம் என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பெரிய மரியாதை. ஆனால், அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. இந்த வருஷம் அவளுக்கு உட்கார்ந்து ஒழுங்காக ஒரு வாழ்த்து எழுதினேன். அதை எப்படி எழுதினேன், எங்கெல்லாம் தப்பு பண்ணினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயரை மாத்திப் பாருங்க

மேலே இருக்கும் என் வாழ்த்தை இன்னொரு தடவை படிங்க. அதில் என் தோழியை எடுத்துட்டு, உங்க ஆபீஸில் கவிதை எழுதுற அண்ணனை வையுங்க. பொருந்தும். உங்க காலேஜ் தமிழ் பேராசிரியரை வையுங்க. 'இளவரசி'யை மட்டும் மாத்தினால் போதும், அவருக்கும் பொருந்தும். இதுவரை ஒரு வரிகூட எழுதாத ஒருத்தரை வைத்தாலும் பொருந்தும்!

இதுதான் முதல் சோதனை. எந்த வாழ்த்தையும் அனுப்புறதுக்கு முன்னாடி, பெயரை மாத்திப் பாருங்க. யாருக்கு வேண்டுமானாலும் போகும் என்றால், அது உங்க ஃப்ரெண்டுக்கு எழுதினது இல்லை. 'எழுத்தாளர்' என்கிற பலகைக்கு எழுதினது.

இதே வாழ்த்தை மற்ற ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பினால் பெரிய சேதாரம் இல்லை. ஜாலியாக எடுத்துக்குவாங்க. எழுதுறவங்களுக்கு அனுப்பும்போதுதான் சிக்கல். அதுக்குக் காரணம் இருக்கு. ஒரு கதை எழுதி முடிச்ச பிறகு, அதைத் திருத்த உட்காரும் ஆள் முதலில் வெட்டுவதே இந்த மாதிரி வார்த்தைகளைத்தான். 'அமுதம்', 'நடனம்', 'பெருமிதம்' எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் தொட்டுத் தேய்ந்த சொற்கள். அவங்க ராத்திரி உட்கார்ந்து எதையெல்லாம் அடிச்சுத் தூக்கிப்போடுறாங்களோ, அதையே பொறுக்கி மாலை கட்டி அவங்க கழுத்தில் போடுறோம்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த மாதிரி வாழ்த்தைப் படிச்சதும் எழுதுறவங்க மனசில் ஓடுற கணக்கு ரொம்ப சிம்பிள்: 'இவ்வளவு பெரிய வார்த்தை போட்டிருக்காங்க. ஆனா கதை பேர்கூட இல்லை. படிக்கலை போல.' புகழ்ச்சி எவ்வளவு பெரிதோ, அந்தச் சந்தேகமும் அவ்வளவு பெரிது.

இது பழைய தமிழ் வழக்கம்தான்

'அலங்காரமா வாழ்த்துறது நம்ம மரபாச்சே' என்று தோன்றலாம். மேடைகளிலும் போஸ்டர்களிலும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கோம். ஆனால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பாராட்டுவதற்கு நம்மிடம் இதைவிடப் பழைய ஒரு முறை இருக்கு. அதன் பெயர் சிறப்புப்பாயிரம். இன்றைய கணக்கில் சொன்னால், நூலுக்கு வேறொருவர் எழுதித் தரும் முன்னுரை.

13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், அந்தப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டு விஷயங்களைச் சொல்கிறது. எழுதியவர் யார், எந்த வழியில் வந்த நூல், எந்த நிலப்பரப்பில் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எதைப் பற்றிப் பேசுகிறது, யார் கேட்க வேண்டியது, கேட்டால் என்ன பயன். இந்த எட்டில் 'ஆகா, ஓகோ' என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனிங்க. எட்டும் தகவல்கள். நூலைப் படிக்காத ஒருத்தரால் இதை எழுதவே முடியாது.

யார் எழுதலாம் என்பதற்கும் நன்னூல் நாலு பேரைச் சொல்கிறது. எழுதியவரின் ஆசிரியர், மாணவர், அந்த நூலுக்கு உரை எழுதுபவர், அப்புறம்... கூடப் படித்தவர்! ஆமா, நம்ம கிளாஸ்மேட்தான்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது உரையாசிரியர்கள் சொல்லும் செய்தி. அந்தப் பாயிரம் தமிழ் வழங்கிய நிலத்தின் வடக்கு, தெற்கு எல்லைகளைச் சொல்கிறது. எந்தப் பாண்டியன் அவையில், யார் முன்னால் நூல் அரங்கேறியது என்று சொல்கிறது. எதையெல்லாம் ஆராய்ந்து எழுதினார் என்று சொல்கிறது. நண்பருடைய பெயரும் புகழும் வருவது கடைசியில்தான். முதலில் வேலை, அப்புறம் பாராட்டு.

நமக்குத் தேவையான வரிசையும் இதுதான். எட்டு விஷயமும் வேண்டாம், பிறந்தநாள் வாழ்த்துதானே. ரெண்டு போதும். எழுத்தில் எந்த இடம், அது என்னை என்ன செய்தது.

வாழ்த்துக்கு முன்னால் இருபது நிமிஷம்

இந்த வருஷம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் ராத்திரி, அவளுடைய ரேஷன் கார்டு கதையை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படிச்சேன். ஏழு கதைகளையும் படிக்க நேரம் இல்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஒன்றை முழுசாகப் படிப்பது, ஏழையும் புரட்டுவதைவிட நல்லது. சிறுகதைக்கு இருபது நிமிஷம் தாராளம்.

கதை இதுதான். அப்பா இறந்து சில வாரங்கள் ஆகியிருக்கு. ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்க, மகன் இறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையத்துக்குப் போகிறான். வரிசை, டோக்கன், நெட் மெதுவாக இருப்பது, 'என்ன காரணம்?' என்று கம்ப்யூட்டரில் இருக்கும் பெண் தலை நிமிராமல் கேட்பது. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சொல்கிறான். அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்கிறார்: "அப்போ சர்க்கரை அரைக் கிலோ குறையுமா?" அவ்வளவுதான். கதை முடிஞ்சது.

நம்ம ஊர் ரேஷனில் சர்க்கரை, தலைக்கு அரைக் கிலோ கணக்கு. நாலு பேர் இருந்த வீட்டில் ரெண்டு கிலோ வந்திருக்கும். இனி ஒன்றரை. அம்மா கேட்டது நியாயமான வீட்டுக் கணக்கு. ஆனால், அந்த வரியில் நான் நின்னுட்டேன். ஏன் நின்னேன் என்று எனக்கே புரியவில்லை. அதனால் பின்னாடி போய்ப் படிச்சேன்.

ரெண்டு பக்கத்துக்கு முன்னால், வரிசையில் நிற்கும்போது, மகனுக்கு ஒரு ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு சுகர். பத்து வருஷமாக டீயில்கூட சர்க்கரை போட்டுக்கொண்டதில்லை. போற போக்கில் ஒரே வரி. முதல் தடவை அதைத் தாண்டிப் போயிருந்தேன். இப்போ ரெண்டும் சேர்ந்துச்சு. அந்த அரைக் கிலோ, அவர் ஒருநாளும் தொடாத சர்க்கரை.

வாழ்த்துக்கு வேண்டிய சரக்கு இதுதான். இதைப் பிடிக்க எனக்கு விமர்சகர் மூளை தேவைப்படவில்லை. மூணு கேள்விகள்தான் கேட்டுக்கிட்டேன். எந்த இடத்தில் விரல் ஸ்க்ரோல் பண்ணாமல் நின்றது? அங்கே அவள் என்ன செய்திருக்கிறாள்? அப்போ எனக்கு என்ன ஆச்சு?

ரெண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுடுவோம். 'அப்பா பாசம் அருமை' என்று சொன்னால், நாம் பாராட்டுவது அப்பா பாசத்தை. அது உலகத்துக்கே பொது, அவள் கண்டுபிடித்தது இல்லை. சர்க்கரையை முன்னால் ஒரு வரியாக வைத்துவிட்டுக் கடைசியில் அம்மா வாயில் கேள்வியாக எடுத்ததுதான் அவள் செய்த வேலை. பாராட்டு அங்கே போய்ச் சேர வேண்டும்.

மூணு தடவை எழுதினேன்

அப்படியும் முதல் வரைவு இப்படித்தான் வந்துச்சு:

"ஹேப்பி பர்த்டே டி! உன் ரேஷன் கார்டு கதை படிச்சேன். செம எமோஷனல். அப்பா பாசத்தை அருமையா சொல்லியிருக்க. கண் கலங்கிடுச்சு. தொடர்ந்து எழுது!"

இதில் அலங்காரம் இல்லை. ஆனால் விஷயமும் இல்லை. கதையில் யாரும் பாசம் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. யாரும் அழவும் இல்லை. 'செம எமோஷனல்' என்பது சினிமா ட்ரெய்லருக்கும் போடலாம். கடைசியில் இருக்கும் 'தொடர்ந்து எழுது', நோட்டில் டீச்சர் போடுற குறிப்பு மாதிரி இருக்கு. கதையின் பெயரைச் சேர்த்தால் மட்டும் படிச்சதாக ஆகிடாது. தலைப்பைப் பார்த்தே இதை எழுதிடலாம்.

சரி, நல்லாப் படிச்சிருக்கேன் என்று காட்டணுமே என்று ரெண்டாவது வரைவு எழுதினேன்:

"சர்க்கரை என்னும் குறியீட்டின் வழியாக இழப்பின் மௌனத்தையும், அரசு இயந்திரத்தின் இரக்கமின்மையையும் மிக நுட்பமாகக் கட்டமைத்திருக்கிறாய்..."

இதை சத்தமாகப் படிச்சுப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. பன்னிரண்டு வருஷமாக 'ஏண்டி, வாடி' என்று பேசுற ஒருத்தியிடம், திடீரென்று மேடை ஏறி மைக் பிடிச்ச மாதிரி. இதுவும் அலங்காரம்தான். போன வருஷம் கவிதை அலங்காரம், இந்த வருஷம் விமர்சன அலங்காரம். அதோடு, பிறந்தநாள் காலையில் மதிப்புரை படிக்க யாருக்கும் ஆசை இருக்காது.

இங்கேதான் ரெண்டாவது சோதனை கிடைச்சது. எழுதியதை வாய்விட்டுப் படிங்க. நேரில் அவங்ககிட்ட இந்த வார்த்தையைச் சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்க என்றால் அதை எடுத்துடுங்க.

கடைசியில் அனுப்பியது இது:

"ஹேப்பி பர்த்டே டி. நேத்து ராத்திரி உன் ரேஷன் கார்டு கதையை உக்காந்து முழுசாப் படிச்சேன். அம்மா, 'அப்போ சர்க்கரை அரைக் கிலோ குறையுமா'ன்னு கேக்கற இடத்துல நின்னுட்டேன். அப்பாவுக்கு சுகர்னு முன்னாடியே ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருக்க. திரும்பப் போய்ப் பாத்தப்போதான் அது கண்ணுல பட்டுச்சு. அவர் தொடாத சர்க்கரைதானே குறையப்போகுதுன்னு புரிஞ்சதும் போனைக் கீழ வெச்சுட்டேன். எங்க தாத்தா போனப்புறம், அவர் படிக்கிற பேப்பரை நிறுத்தச் சொல்ல எங்க பாட்டிக்கு மூணு மாசம் ஆச்சு. ஏன்னு எனக்கு நேத்துதான் புரிஞ்சுது. போன வருஷம் படிக்காமலே சூப்பர்னு சொன்னேன். ஸாரி டி. சாயங்காலம் ஃப்ரீயா இருந்தா போன் பண்ணு."

இதில் 'அருமை', 'அற்புதம்', 'சூப்பர்' எதுவும் பாராட்டாக வரவில்லை. வந்த ஒரே 'சூப்பர்', நான் சொன்ன பொய். எந்த இடம் என்று இருக்கு. அவள் என்ன செய்தாள் என்று இருக்கு. என் வீட்டில் நடந்த ஒன்று இருக்கு. இதில் பெயரை மாத்தி வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. இன்னொருத்தரும் இதே வாழ்த்தை அவளுக்கு அனுப்ப முடியாது, ஏன்னா பாட்டியும் பேப்பரும் என்னுடையவை.

சொந்த விஷயம் ரெண்டு வரியைத் தாண்டக் கூடாது என்பதையும் கவனமாகப் பார்த்துக்கிட்டேன். தாத்தா கதையை நீட்டியிருந்தால், அது அவள் பிறந்தநாளாக இருக்காது, என் குடும்ப நினைவு நாளாக ஆகியிருக்கும்.

கவிதை, கட்டுரை எழுதுறவங்கன்னா?

முறை அதேதான். பிடிக்கிற இடம் மட்டும் மாறும்.

கவிதை என்றால் பெரும்பாலும் ஒரு சொல்லில்தான் இருக்கும். 'அந்த மூணாவது வரியில் மழை பெய்ததுன்னு எழுதாம, மழை வந்து போச்சுன்னு எழுதியிருக்கியே, அது யாரோ வீட்டுக்கு வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு' என்று சொல்லலாம். வரியை எடுத்துப் போடுவதாக இருந்தால், ஞாபகத்திலிருந்து போடாதீங்க. திறந்து பார்த்து, ஒற்றெழுத்து உட்பட அப்படியே போடுங்க. ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் யோசித்தவருக்கு, அதையே தப்பாக எழுதி 'செம வரி' என்று அனுப்பினால் எப்படி இருக்கும்?

கட்டுரை எழுதுறவங்க என்றால், படித்த பிறகு நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்க. குளத்தைப் பற்றி எழுதியிருந்தால், அதைப் படிச்சுட்டு உங்க ஊர்க் குளத்தை ஒரு நாள் நின்னு பார்த்தீங்களா? அதுதான் பாராட்டு. சமையல் பற்றி என்றால், செஞ்சு பார்த்தீங்களா, எப்படி வந்துச்சு? கருகியிருந்தாலும் சொல்லலாம். கருகியது என்றால் படிச்சிருக்கீங்க என்று அர்த்தம்.

நல்ல மனசோடு செய்யும் தப்புகள்

பெரிய எழுத்தாளர் பெயரோடு ஒப்பிடுவது ரொம்பப் பேர் செய்வது. 'நீதான் அடுத்த புதுமைப்பித்தன்' என்று சொன்னால் சந்தோஷப்படுவாங்க என்று நினைக்கிறோம். எழுதுறவங்களுக்கு அது கூச்சத்தைத்தான் தரும். அவங்க புதுமைப்பித்தனைப் படிச்சிருப்பாங்க. தங்கள் கதைக்கும் அவர் கதைக்கும் எவ்வளவு தூரம் என்று அவங்களுக்கு நன்றாகத் தெரியும்.

'எப்போ நாவல்?', 'எப்போ புக் போடப் போற?' என்பதும் அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால், ஒரு கதையை முடிக்கவே மூணு மாசம் போராடியவருக்கு, அது 'கல்யாணம் எப்போ?' மாதிரிதான் காதில் விழும். எழுதி முடித்ததைப் பற்றிப் பேசுங்க. எழுதாததைப் பற்றி அவங்களே ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டுத்தான் இருப்பாங்க.

'இது உன் வீட்டுல நடந்ததுதானே?' என்று பிறந்தநாள் அன்று கேட்காதீங்க. நடந்ததாகவே இருந்தாலும், அதைக் கதையாக்கியது அவங்க வேலை. நடந்ததுதானே என்றால் அந்த வேலை காணாமல் போய்விடும்.

குறைகளும் அன்றைக்கு வேண்டாம். 'முடிவு மட்டும் கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு' என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றினால், இன்னொரு நாள் நேரில் சொல்லுங்க. அதுக்காக முடிவு பிரமாதம் என்று பொய்யும் சொல்ல வேண்டாம். கதையில் பிடித்த இடம் ஒன்றாவது இருக்கும். அதை மட்டும் சொன்னால் போதும், மற்றதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

இன்னும் வெளிவராத கதையைப் படிக்கக் கொடுத்திருந்தால், அதைப் பற்றி குரூப்பில் எழுதாதீங்க. உங்களை நம்பித்தான் கொடுத்திருக்காங்க. பொதுவாகவே இந்த வாழ்த்துக்கு குரூப் சரியான இடம் இல்லை. அங்கே ஒருவர் கேக் எமோஜி போட்டதும் பின்னாடியே முப்பது கேக் வரும், உங்க சர்க்கரை வரி அதில் கரைஞ்சு போயிடும். குரூப்பில் ஒரு 'ஹேப்பி பர்த்டே' போட்டுட்டு, விஷயத்தைத் தனியாக அனுப்புங்க. பன்னிரண்டு மணி அடிக்கும்போதே அனுப்பணும் என்று கட்டாயமும் இல்லை. நான் இந்த வருஷம் காலையில் பத்து மணிக்குத்தான் அனுப்பினேன்.

படிக்கவே இல்லைன்னா?

இது எல்லோருக்கும் நடப்பது. பிறந்தநாள் இன்றைக்கு, லிங்க் மூணு மாசமாகத் திறக்காமல் கிடக்கிறது. அப்போ அவசரமாக முதல் பாராவையும் கடைசி பாராவையும் படிச்சுட்டு எழுதாதீங்க. 'எந்த இடம்?' என்ற கேள்வி எப்போ வேண்டுமானாலும் வரும். எனக்கு டீக்கடையில் வந்த மாதிரி.

அதைவிட உண்மையைச் சொல்வது எளிது. 'ஹேப்பி பர்த்டே. உன் புதுக்கதை இன்னும் படிக்கலை. இந்த ஞாயித்துக்கிழமை படிச்சுட்டுப் பேசறேன்' என்று அனுப்புங்க. ஆனால், ஞாயித்துக்கிழமை படிச்சே ஆகணும். படிக்காமல் விட்டால், இது 'எழுத்துலக இளவரசி'யைவிட மோசம்.

எழுதுவதையே நிறுத்திவிட்ட ஃப்ரெண்டாக இருந்தால், 'ஏன் இப்போல்லாம் எழுதறதில்லை?' என்று ஆரம்பிக்காதீங்க. முன்னாடி எழுதியதில் உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும் ஒன்றைச் சொல்லுங்க. நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு வரி உங்க மனசில் இருக்கு என்றால், அதுவே போதும். மேலே 'மறுபடி எழுது' என்று சேர்க்கத் தேவையில்லை.

பதில்

என் வாழ்த்துக்கு காலையில் பதில் வரவில்லை. ரெண்டு நீல டிக் மட்டும் விழுந்துச்சு. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்லை. ஸாரி சொன்னதைத் தப்பாக எடுத்துக்கிட்டாளோ என்று எனக்குக் கொஞ்சம் உதைப்பு.

சாப்பாட்டு நேரத்தில் வந்துச்சு, எமோஜி எதுவும் இல்லாமல்:

"அந்த சுகர் வரி முதல்ல கதையிலயே இல்லை டி. மூணாவது தடவை திருத்தும்போதுதான் சேர்த்தேன். யாராவது கவனிப்பாங்களான்னு இருந்துச்சு."

சாயங்காலம் போன் பண்ணினாள். அந்த வரி எப்படி வந்தது, அதுக்கு முன்னால் கதை எப்படி முடிஞ்சிருந்தது என்று நாற்பது நிமிஷம் பேசினாள். பிறந்தநாள் கேக் என்ன ஃப்ளேவர் என்று கேட்க நான் மறந்தே போயிட்டேன்.